ராத்திரியோடு ராத்திரியாக வந்த 160 கிலோ

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எண்களையும் உதாரணமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கதை அந்த ஊரில் ஒவ்வொரு சீசனிலும் ஏதாவதொரு தெருவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

12,000 டி-ஷர்ட் ஆர்டர். நேவி ப்ளூ நிறம். உடம்புத் துணி சாயமேறி வந்து, வெட்டி, பாதிக்கு மேல் தைத்தாகிவிட்டது. கழுத்துப் பட்டி வைக்கும் வேலை தொடங்கிய செவ்வாய்க்கிழமை மதியம், செக்கிங் மேஜையில் இருக்கும் அம்மா ஒரு பீஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "கழுத்து செவப்படிக்குதுங்க" என்கிறார். டியூப்லைட் வெளிச்சத்தில் உடம்பும் கழுத்தும் ஒன்றாகத் தெரிகின்றன. வெயிலில் பிடித்தால் கழுத்துப் பட்டி லேசாகச் செந்நீலமாகத் தெரிகிறது. வெவ்வேறு சாயக் கலவையில் நனைந்த இரண்டு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போய், இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்து காட்டுவது சாயத்தொழிலில் பழைய தலைவலி. வெளிநாட்டு பையர் எந்தெந்த விளக்குகளின் கீழ் நிறம் ஒத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார். இந்தக் கழுத்து அந்தச் சோதனையில் தேறாது.

ஞாயிறு இரவு கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அட்டைப்பெட்டியோடு சேர்த்து இரண்டு டன்னுக்கு மேல் வரும். கிலோவுக்கு 250 ரூபாய் என்று போட்டாலே ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த ஆர்டரில் கிடைக்கவிருந்த லாபம் அதோடு போயிற்று. தேவைப்படுவதோ கழுத்துக்கான ரிப் துணி மட்டும்: பீஸுக்கு 12, 13 கிராம், கழிவையும் சேர்த்து 160 கிலோ. சாயமேற்றாத க்ரே ரிப் கையிருப்பில் இருக்கிறது. அதை உடம்புத் துணியின் நிறத்துக்குச் சாயமேற்றி வியாழன் காலைக்குள் கொடுக்க ஒருவர் வேண்டும்.

வழக்கமாக வேலை கொடுக்கும் சாயப்பட்டறைக்காரருக்குப் போன் போகிறது. அவர் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "துணிய அனுப்பிவிடுங்க, பாக்கறேன்" என்கிறார். வியாழன் காலை ஏழு மணிக்கு டெம்போ வாசலில் நிற்கிறது. நிறம் சரியாக இருக்கிறது. கண்டெய்னர் நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. பட்டறையிலிருந்து வரும் பில், கிலோவுக்கு 120 ரூபாய் வீதம் 19,200 ரூபாய்.

ஐந்து லட்சத்தைக் காப்பாற்றிய வேலை, இருபதாயிரத்துக்கும் குறைவான பில்லாக வந்து கணக்குப்பிரிவு மேஜையில் மற்ற நாற்பது பில்களுக்கு நடுவே படுத்துக்கொள்கிறது. அவசரத்துக்கு உதவியவருக்கு நன்றி சொல்வதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உதவியின் அளவு பில்லில் தெரிவதில்லை. முதலாளிக்கு அது தெரியும், மெர்ச்சண்டைசருக்குத் தெரியும். பில்லைப் பாஸ் செய்பவருக்குத் தெரியாது. அடுத்த மாதம் ரேட் பேச உட்காரும் பர்ச்சேஸ் மேனேஜருக்கும் தெரியாமல் போகலாம்.

அந்த இரண்டு நிமிட மௌனத்தில் பட்டறைக்காரர் என்ன கணக்குப் போட்டார் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அது புரியாமல் சொல்லும் நன்றி யாருக்கும் பொருந்தும் வெறும் வாழ்த்து அட்டையாகிவிடும்.

அவரிடம் உள்ள சாயமேற்றும் மெஷின்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. 160 கிலோவை 500 கிலோ மெஷினில் போட்டால் தண்ணீரும் ஆவியும் உப்பும் வீண். நிறமும் சரியாக உட்காராது. சிறிய மெஷின்தான் வேண்டும். அது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதில் ஏற்கெனவே வேறொருவரின் துணி வரிசையில் நிற்கும். அதைத் தள்ளிவைக்க வேண்டும். நேவி போன்ற அடர்நிறம் ஓடிய மெஷினில் அடுத்து வெளிர்நிறம் போடுவதாக இருந்தால் மெஷினையே ஒருமுறை கழுவியெடுக்க வேண்டும். லேபில் சின்னத் துண்டில் நிறத்தை எடுத்துப் பார்த்து, பையர் சொன்ன விளக்குகளின் கீழ் உடம்புத் துணியோடு வைத்து ஒப்பிட்டு, சரிவராமல் மறுபடி எடுக்க வேண்டும். பிறகு துணியை வேகவைத்துச் சுத்தம் செய்வது, சாயமேற்றுவது, ஒட்டாத சாயம் போகும்வரை அலசுவது, பிழிவது, உலர்த்துவது, சுருக்கம் வராமல் காம்பாக்டிங் ஓட்டுவது என்று ஒரு முழு நாளை அது விழுங்கும். அடர்நிறத்தில் அலசுவதை அவசரப்படுத்தவே முடியாது. அலசல் குறைந்தால் வாடிக்கையாளர் வீட்டில் முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கும்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள்தான் அங்கே தொழில் நடத்த முடிகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று ஒவ்வொரு பட்டறைக்கும் அளவு இருக்கிறது. திடீரென்று நுழையும் ஒரு லாட், அந்த நாளின் தண்ணீரில் வேறொரு லாட்டின் பங்கை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவுக்கும் மேலாக, டையிங் மாஸ்டரும் ஷிப்டு ஆட்களும் இரவு கண்விழித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தால், முதல் நன்றி யாருக்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலான கம்பெனிகளில் முதலாளி முதலாளிக்குப் போன் செய்து "ரொம்ப உதவியா இருந்துச்சுங்க" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ராத்திரி நின்றவர்களுக்கு அது போய்ச் சேருவதில்லை. அவர்களுக்கு எந்த லாட் எதற்காக அவசரம் என்பதே தெரியாது. எல்லா லாட்டையும் "அர்ஜென்ட்" என்று சொல்லித்தான் கொண்டுவருகிறார்கள். அவசரம் என்று வாங்கிப்போன துணி வாங்கியவரின் குடோனில் நான்கு நாள் சும்மா கிடந்ததை அவர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். ஆகவே சரக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்ற செய்தியே அவர்களுக்குப் பெரிய விஷயம். கண்டெய்னர் கிளம்பிய அன்றே அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அதற்குள் அந்த லாட் அவர்கள் நினைவிலிருந்து போயிருக்கும்.

செய்தியை எப்படி எழுதுவது? இந்த ஊரில் கடிதம் எழுதுகிறவர்கள் குறைவு; வாட்ஸ்அப் போதும். ஆனால் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் அனுப்பாமல், இப்படி எழுதலாம்:

"அண்ணா, வணக்கம்ங்க. செவ்வாய்க்கிழமை சொன்ன நேவி ரிப் 160 கிலோ வியாழன் காலை ஏழு மணிக்கே வந்து சேர்ந்துருச்சுங்க. உடம்புத் துணியோட வெச்சு எல்லா லைட்லயும் பாத்துட்டோம், ஷேடு சரியா இருக்கு. இன்னைக்கு ராத்திரி கண்டெய்னர் கெளம்பிருச்சு. இந்தத் துணி வரலீன்னா ஏர்லதான் அனுப்பியிருக்கணும். சின்ன மெஷினை எங்களுக்காக ஒதுக்கிக் குடுத்தீங்க, மாஸ்டர் லேப்ல மறுபடி மறுபடி ஷேடு எடுத்துக் குடுத்தார்னு டெம்போக்காரர் சொன்னாருங்க. மாஸ்டருக்கும் நைட் ஷிப்டு ஆளுங்களுக்கும் எங்க நன்றியச் சொல்லீருங்க. பில்லு வந்ததும் தனியா எடுத்து வெள்ளிக்கிழமை போட்டுவிடறோம்ங்க."

இதில் என்ன வந்தது, எப்போது வந்தது, அதனால் எது தப்பியது, அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள், யார் செய்தது, பணம் என்றைக்கு என்று எல்லாம் இருக்கின்றன. புகழ்ச்சி என்று ஒரு வரிகூடக் கிடையாது. பட்டறைக்காரர் இதை அப்படியே மாஸ்டருக்கு அனுப்பிவிடுவார். மாஸ்டரின் போனில் அது பல நாள் கிடக்கும்.

மாஸ்டருக்குத் தனியாகக் கவரில் ஆயிரம் ரூபாய் வைத்துக் கொடுப்பது நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது. ஆனால் அது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். அடுத்த முறை அவர் உங்கள் லாட்டை முன்னால் எடுத்தால், காசு வாங்கிக்கொண்டு எடுத்ததாகத்தான் பட்டறை முதலாளிக்குத் தோன்றும். வெளிநாட்டு பையர்கள் பலரின் நடத்தை விதிகளில் இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலுக்குத் தடையும் இருக்கிறது. ஷிப்டு ஆட்களுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று தோன்றினால், முதலாளியிடம் சொல்லி அவர் முன்னிலையில், எல்லோருக்குமாக டிபனோ இனிப்போ வாங்கிக் கொடுப்பது சரியான வழி.

இன்னொரு விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். மகிழ்ச்சியில் நாலு பேரிடம் "ரெண்டே நாள்ல ரிப் அடிச்சுக் குடுத்துட்டாருங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். திருப்பூர் சின்ன ஊர். அந்த வாரம் சின்ன மெஷினில் துணி போட்டு, இரண்டு நாள் தாமதமாக வாங்கிய ஒருவர் இருக்கிறார் அல்லவா, அவர் காதுக்கு இது போய்ச் சேரும். "மெஷின் ரிப்பேருங்க" என்று அவரிடம் சொல்லப்பட்டிருக்கலாம். உதவியவருக்கு நாம் அறியாமல் செய்த கெடுதல் அது. ஊரில் அவரைப் பாராட்டுவதாக இருந்தால் அவர் வேலையின் தரத்தைப் பாராட்டலாம். எத்தனை நாளில் கொடுத்தார் என்பதை அவரிடம் மட்டும் சொன்னால் போதும்.

இனி பணம். நன்றியை மிக அதிகமாகக் காப்பாற்றுவதும், மிக எளிதாகக் கெடுப்பதும் இதுதான்.

பின்னலாடைத் தொழிலில் ஜாப் ஒர்க் பில்லுக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் இழுத்தடிப்பது பழகிப்போன ஒன்று. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் வேலையோ பொருளோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாகச் சேரும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கு வருமான வரிப் பக்கமும் ஒரு பிடியைப் போட்டது. கெடுவைத் தாண்டி நிற்கும் இப்படிப்பட்ட பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டிக் கழிக்க முடியும். 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது, மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் பல கம்பெனிகள் பரபரத்தன. நடுத்தர நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வெறுமனே வாங்கி விற்கும் வியாபாரிக்கும் கிடையாது. உங்கள் சப்ளையர் எந்த வகை என்பதை அவருடைய உத்யம் பதிவுச் சான்றிதழைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வட்டி கேட்டு வழக்குப் போடும் சாயப்பட்டறைக்காரர் அபூர்வம். போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். ஆகவே கெடுவுக்குள் பணம் கொடுப்பதை நன்றிக் கணக்கில் எழுத முடியாது. அது கடமை. அவசர வேலைக்கான பில்லை வரிசையிலிருந்து வெளியே எடுத்து அந்த வாரமே கொடுப்பதுதான் நன்றி. திருப்பூரில் கூலி சனிக்கிழமை போடுவார்கள். வெள்ளிக்கிழமை வந்து சேரும் 19,200 ரூபாய், அதே இரவு கண்விழித்த ஆட்களின் கூலியாக மாறும். இரண்டு மாதம் கழித்து வரும் அதே தொகைக்கு அந்த மதிப்பு கிடையாது. கூடுதல் தொகையும் கொடுக்க விரும்பினால், "அவசர வேலைக் கட்டணம்" என்று பில்லிலேயே ஒரு வரி போடச் சொல்லி, வரியோடு கொடுத்துவிடுவது இருவருக்கும் சுத்தம். அடுத்த முறைக்கும் அதுவே ரேட்டாக நிற்கும்.

பணத்தைச் சொல்லும்போது டெபிட் நோட்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பல உறவுகள் முறிவது இதில்தான். மாதக் கடைசியில் கணக்குப்பிரிவு எல்லா ஜாப் ஒர்க் பில்களையும் எடுத்து, எடைக்குறைவு, சின்ன நிறவேறுபாடு, ஓட்டை என்று கழித்துக்கொண்டே வருகிறது. சாயமேறும்போது துணி கொஞ்சம் எடை இழப்பது இயல்பு. 160 கிலோ க்ரே போட்டால் 160 திரும்பி வராது. சின்ன லாட்டில் அந்த இழப்பு விகிதம் கூடுதலாகவே இருக்கும். இதை எதிர்பார்த்துத்தான் முதலிலேயே கூடுதலாகத் துணி போட்டோம். ஆனாலும் வழக்கமான சதவீதத்தைத் தாண்டிய இழப்பு என்று சொல்லி 600 ரூபாய்க்கு ஒரு டெபிட் நோட் போய்விடுகிறது. முதலாளி போனில் சொன்ன நன்றியை அந்த 600 ரூபாய்க் காகிதம் அழித்துவிடும். அவசர லாட்டின் பில்லில் மெர்ச்சண்டைசரே கையெழுத்திட்டு, "கழிவு எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கணக்குப்பிரிவுக்கு அனுப்பினால் இதைத் தடுத்துவிடலாம். நிஜமான குறை இருந்தால் மறைக்க வேண்டியதில்லை. அதை அன்றைக்கே, துணியைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஒரு மாதம் கழித்துக் காகிதத்தில் அல்ல.

இதே சூழலை மிகப் பெரிய அளவில் சந்தித்த ஒரு கம்பெனி உண்டு. 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை, ஜப்பானின் காரியா நகரில் ஐசின் கம்பெனியின் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் போடும் பி-வால்வ் என்ற சின்னப் பாகம் கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்பு வைக்காமல் தேவைக்குத் தேவை வாங்கும் முறை டொயோட்டாவுடையது. கையில் இருந்த வால்வ் மிகக் குறைவு. கார்த் தயாரிப்பு வரிசைகள் ஒவ்வொன்றாக நின்றன. வரைபடங்கள் மட்டும் சப்ளையர்களிடம் போயின. விலை பேசவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை. நேரடியாகவும் மறைமுகமாகவும் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இறங்கின. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூடத் தன் மெஷினை மாற்றியமைத்து வால்வ் செய்து கொடுத்தது. ஏறக்குறைய ஒரே வாரத்தில் டொயோட்டா பழைய நிலைக்குத் திரும்பியது.

பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். உதவிய கம்பெனிகளுக்கு ஆள்கூலி, மெஷின், மூலப்பொருள் என்று ஆன நேரடிச் செலவை ஐசின் கொடுத்தது. டொயோட்டா தன் முதல்நிலை சப்ளையர்களுக்கு, அந்த ஜனவரி–மார்ச் காலாண்டில் அவர்கள் தனக்கு விற்ற மதிப்பில் 1 சதவீதத்தை வெகுமதியாகக் கொடுத்தது. மொத்தம் சுமார் 1,500 கோடி யென். கேட்காமலே வந்த பணம் அது. அதைக் கண்ட முதல்நிலை சப்ளையர்கள் பலர், தங்களுக்கு உதவிய அடுத்த நிலைக்காரர்களுக்கும் அதேபோலக் கொடுத்தார்கள். நன்றி மேலேயே தங்கிவிடாமல் கீழே லேத் ஓட்டியவர்வரை இறங்கியது. இருபதாயிரம் ரூபாய் பில்லுக்கும் இதே வழிதான்: அவருக்கு நிஜமாக ஆன செலவைத் தயங்காமல் கொடுப்பது, அதற்குமேல் ஒரு பங்கைக் கேட்குமுன் கொடுப்பது.

பணம் கொடுத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்த அவசரம் ஏன் வந்தது? உடம்புத் துணியையும் ரிப்பையும் வெவ்வேறு பட்டறையில், வெவ்வேறு நாளில் சாயமேற்றியதால் வந்தது. ரிப் சின்ன லாட் என்று குறைந்த ரேட்டுக்காரரிடம் போயிருக்கும். இரண்டையும் ஒரே பட்டறையில், ஒரே சாயக் கலவையில், முடிந்தால் ஒரே சமயத்தில் போட்டால் கழுத்து செவப்படிக்காது. ரிப் வந்ததும் வெட்டுமுன்பே ஒரு துண்டை உடம்புத் துணியோடு வைத்து, வெயிலிலும் விளக்குப் பெட்டியிலும் பார்ப்பது பத்து நிமிட வேலை. இதைச் செய்யப்போகிறோம், ரிப் லாட்டும் இனி உங்களிடமே வரும் என்று பட்டறைக்காரரிடம் போய்ச் சொன்னால், அவருக்கு அது ரொக்கத்தைவிடப் பெரிது. ஒன்று, நிரந்தர வேலை. இன்னொன்று, தன் ராத்திரி வேலையை இவர்கள் பழக்கமாக்கிவிட மாட்டார்கள் என்ற நிம்மதி.

சப்ளையர்களின் பெரிய பயமே அந்தப் பழக்கம்தான். ஒருமுறை இரண்டு நாளில் கொடுத்தால், அடுத்த முறையிலிருந்து அதுவே கெடுவாகிவிடும். "போன தடவை குடுத்தீங்களே?" என்ற கேள்வியைவிட உதவியவரை உறுத்தும் சொல் வேறில்லை. அதனால் நேரில் உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடுத்த இரண்டு வாரத்துக்கு வரப்போகும் நிறங்களையும் கிலோக்களையும் அனுப்பிவிடுகிறோம்; மாறினால் மாறியதையும் சொல்கிறோம். அவசர லாட்டுக்கு இவ்வளவு கூடுதல் ரேட். உங்கள் பக்கம் மெஷின் பழுதோ தண்ணீர்ப் பிரச்சினையோ வந்தால், அவசரமில்லாத எங்கள் லாட் எது என்று கேளுங்கள், இரண்டு மூன்று நாள் விட்டுத்தருகிறோம். இந்தக் கடைசி வாக்கு வெறும் பேச்சாக இருக்கக் கூடாது. பட்டறைக்காரர் ஒருமுறை உங்கள் லாட்டைத் தள்ளிவைக்கக் கேட்டு நீங்கள் சம்மதித்தால், செவ்வாய்க்கிழமை கடன் பாதி தீர்ந்தது.

சீசன் இல்லாத மாதங்களையும் நினைவில் வைக்க வேண்டும். ஆர்டர் குறையும் நாள்களில் பட்டறை பாய்லர் பாதி நேரம் சும்மா நிற்கும். ஆட்களுக்குக் கூலி மட்டும் நிற்காது. வெள்ளை, கறுப்பு, நேவி என்று எப்போதும் தேவைப்படும் நிறங்களில் ஒரு பகுதியை அந்த நேரத்தில் முன்கூட்டியே சாயமேற்றி வைக்க முடியும் என்றால், அந்த லாட்டை அவசரத்துக்கு உதவியவருக்குக் கொடுக்கலாம். எல்லா நிறத்துக்கும் இது நடக்காது. பையர் நிறத்தை மாற்றினால் துணி தேங்கிவிடும். உள்ளூர் விற்பனைக்கான சரக்கில்தான் தைரியமாகச் செய்ய முடியும்.

இவ்வளவும் செய்தும், அடுத்த சீசனில் இன்னொரு செவ்வாய்க்கிழமை நீங்கள் போன் செய்யும்போது அவர், "இந்த வாரம் ஆகாதுங்க தம்பி, சின்ன மெஷினு ரெண்டும் பேசிட்டேன், சனிக்கிழமைதான் முடியும்" என்று சொல்லலாம். அப்போது பழைய கணக்கை எடுக்காமல், "சரிங்கண்ணா, சனிக்கிழமைக்கு எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, அதே நிமிடம் இன்னொரு பட்டறைக்கும் கண்டெய்னர் ஏஜெண்டுக்கும் போன் செய்ய வேண்டும். முடியாது என்பதை உடனே சொல்லும் சப்ளையர் கிடைப்பது கடினம். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று வெள்ளிக்கிழமைவரை இழுத்துவிட்டுக் கைவிரிப்பவர்தான் கப்பலைத் தவறவிடச் செய்கிறார்.